பாப்பாவின் தலைமேல் ஒரு கோடு

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. தோழியின் கணவர். ஒரே வரி: "எ நாத்தா சோஃபியா!" அதற்குக் கீழே எடை, நீளம், பிறகு "மாம்மா எ பிம்பா ஸ்தான்னோ பேனே". தாயும் சேயும் நலம். இத்தாலியில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் செய்தி அநேகமாக இந்த அச்சில்தான் வரும். எடையை 3,250 கிலோ என்று எழுதியிருந்தார். இங்கே தசமப் புள்ளிக்குப் பதில் கால்புள்ளி போடுவார்கள். ஊரிலிருந்து வந்த புதிதாக இருந்திருந்தால் அரைத்தூக்கத்தில் மூவாயிரம் கிலோ என்று படித்து அலறியிருப்பேன்.

"நாத்தா" என்றால் பிறந்தாள். பையனாக இருந்தால் "நாத்தோ". "பிறந்துட்டா" என்று அம்மா போனில் சொன்னாலே நமக்குப் பெண் என்று தெரிந்துவிடுவது போல, இங்கே கடைசி உயிரெழுத்திலேயே விஷயம் வந்துவிடும். (சோஃபியா என்பது அந்தக் குழந்தையின் உண்மைப் பெயரல்ல. இத்தாலியில் சில வருடங்களாகப் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கும் பெயர் என்பதால் அதையே இரவல் வாங்கிக்கொண்டேன்.)

நான் தூரின் நகரத்துக்கு மேல்படிப்புக்கு வந்து அப்படியே வேலையில் ஒட்டிக்கொண்டவள். ஆறு வருடம் ஆகிறது. ரொட்டி வாங்குவது, வீட்டு உரிமையாளரிடம் சண்டை போடுவது, பல் மருத்துவரிடம் எந்தப் பல் என்று சொல்வது எல்லாம் இத்தாலியனில் முடியும். ஆனால் ஒரு வாழ்த்து அட்டையில் ஆறு வரி எழுதுவது வேறு வித்தை. அந்த ஆறு வரிக்கு எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று, கூடவே மூன்றாம் மாடி சிஞ்ஞோராவின் சிவப்புப் பென்சிலும் தேவைப்பட்டது.

முன்னனுபவம் நன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வருடம் முன்பு உடன் வேலை பார்த்த ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. பெயர் ஆந்த்ரேயா. ஆ-வில் முடிகிறதே, பெண்தானே என்று நானாக முடிவுகட்டி, அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடும் அட்டையில் பெரிய எழுத்தில் "பென்வெனூத்தா, ஆந்த்ரேயா!" என்று எழுதி வைத்தேன். நல்வரவு என்ற அந்தச் சொல்லும் பெண்ணுக்கு ஆ-வில், ஆணுக்கு ஓ-வில் முடியும். ஆனால் ஆந்த்ரேயா இத்தாலியில் பாரம்பரியமாக ஆண் பெயர். லூக்கா, நிக்கோலா, மத்தீயா எல்லாம் அப்படித்தான், ஆ-வில் முடியும் பையன்கள். பெண்ணுக்கு ஆந்த்ரேயா என்று வைக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012இல்தான் வைக்கலாம் என்று தீர்ப்பானது. என் அட்டையில் கடைசி ஆ-வை யாரோ பேனாவால் வளைத்து ஓ ஆக்கியிருந்தார்கள். அது ஓ மாதிரியும் இல்லை, ஆ மாதிரியும் இல்லை.

இதில் தப்பிக்க எளிய வழி ஒன்று இருந்தது, அப்போது தெரியவில்லை. குழந்தை பிறந்த வீட்டுக் கதவில், பல சமயம் தெருக்கதவிலேயே, துணியிலோ ரிப்பனிலோ செய்த பெரிய முடிச்சுப் பூ ஒன்றைத் தொங்கவிடுவார்கள். "ஃபியோக்கோ" என்று பெயர். பெண்ணுக்கு ரோஸ், பையனுக்கு வெளிர்நீலம். இலக்கணமே தெரியாமல் தெருவில் போகிறவனுக்கும் புரிந்துவிடும். கிசுகிசுப் பத்திரிகைகளில் ஒரு நடிகைக்கு மகள் பிறந்தால் தலைப்பே "ஃபியோக்கோ ரோசா" என்றுதான் வரும்.

இன்னொரு பிழையும் செய்திருக்கிறேன், அதுவும் இதே தோழியிடம். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஊருக்குப் போகிறேன், திரும்புவதற்குள் பிறந்துவிட்டால் என்ற நல்லெண்ணத்தில் "ஔகூரி!" என்று வாழ்த்திவிட்டேன். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. உடனே கையை நீட்டி மேசையின் இரும்புக் காலைத் தொட்டாள். நாம் "வாய்ல வசம்ப வச்சுத் தேய்" என்போமே, அந்த இடத்தில் இவர்கள் இரும்பைத் தொடுவார்கள். பிறந்தநாளைக் கூட ஒரு நாள் முன்னதாக வாழ்த்தக் கூடாது, ஆகாது என்பது இங்கே படித்தவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. ஏழாம் மாதமே வளைகாப்பு போட்டு ஊரைக் கூட்டும் நமக்கு இது விசித்திரம். அதே நாம், பிறக்கும் முன் தொட்டில் வாங்காதே என்றும் சொல்கிறவர்கள்தான்.

"ஔகூரி" என்ற சொல்லே சகுனத்தில் பிறந்தது. பழைய ரோமில் பறவைகள் எந்தப் பக்கம் பறக்கின்றன, எப்படிக் கத்துகின்றன என்று பார்த்து நல்லது கெட்டது சொல்லும் பூசாரிகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஔகூர் என்று பெயர். நம் சங்கப் பாட்டில் "புள்" என்றால் பறவையும்தான், நிமித்தமும்தான். ஆகவே இன்று ஒருவர் ஔகூரி என்று சொல்லும்போது, உனக்கு நல்ல புள் வாய்க்கட்டும் என்கிறார். இன்னும் நடக்காததைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. "கொங்கிராத்துலாத்ஸியோனி" என்பது நடந்து முடிந்ததைப் பாராட்டுவது. பரீட்சைக்குப் போகிறவனுக்கு முதலாவதைச் சொல்லலாம், இரண்டாவதைச் சொன்னால் கேலி. பிறப்புக்கு இரண்டுமே பொருந்தும். என் கணக்கு இது: பெற்றவர்கள் ஒன்றை முடித்துவிட்டார்கள், அவர்களுக்குப் பாராட்டு. குழந்தைக்கு எல்லாம் இனிமேல்தான், அவளுக்கு ஔகூரி.

அன்று சாயங்காலம் தெருமுனை எழுதுபொருள் கடைக்குப் போனேன். அட்டையை இங்கே "பில்யெத்தோ" என்பார்கள். பஸ் டிக்கெட்டுக்கும் அதே பெயர்தான், அதனால் "வாழ்த்துக்கு" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சுழலும் கம்பித் தட்டில் பிறப்பு, ஞானஸ்நானம், முதல் நற்கருணை, பட்டம், திருமணம், கடைசியில் துக்கம் என்று ஒரு முழு ஆயுள் வரிசையாகச் சுற்றியது. பிறப்பு வரிசையில் நாரைகள். இங்கே பிள்ளையை நாரைதான் மூட்டையில் கட்டித் தூக்கி வரும். உள்ளே எதுகை மோனையோடு அச்சடித்த நாலு வரி இருக்கும் அட்டைகள் எனக்குப் பிடிக்காது. மண்டபத்தில் தட்டோடு கொடுக்கும் தாம்பூலப் பை மாதிரி, எல்லோருக்கும் ஒன்றே. உள்ளே வெறுமையாக இருந்த ஒன்றை எடுத்தேன். வெளியே ஒரு சின்ன ரோஸ் காலுறை ஜோடி, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மனசுக்குள் தமிழில் ஓடியதை அப்படியே இத்தாலியனுக்கு மாற்றினேன். அதன் பொருள் இப்படி வந்தது: "அன்பு நண்பர்களே, உங்கள் மகள் பிறந்ததற்கு ஆழ்ந்த பாராட்டு. உங்களுக்குப் பெண் பிறந்ததில் மகிழ்ச்சி. சோஃபியா பதினாறு செல்வமும் பெற்று நூறு ஆண்டு வாழ்க. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாழ்த்து." எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆந்த்ரேயா ஞாபகம் வந்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

சிஞ்ஞோரா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெற்கே புலியா பக்கம் பிறந்தவர். அறுபதுகளில் கார்த் தொழிற்சாலை வேலைக்கென்று தெற்கிலிருந்து தூரினுக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்களே, அப்படி வந்த ஒரு வீட்டுப் பெண். என்னை ஒருமையில் அழைப்பார், நான் மரியாதை வடிவத்தில்தான் பேசுவேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் வரியில் உதடு துடித்தது. மூன்றாம் வரியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். எனக்குக் காபி போடப் போன இடத்திலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது.

திரும்பி வந்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். "ஆழ்ந்த" என்பதற்கு நான் போட்டிருந்த சொல் "சென்தீத்தே". உணர்ந்த, நெஞ்சில் பட்ட என்று பொருள். இலக்கணத்தில் குற்றமில்லை, கடிதத்தில் பாராட்டுக்கும் போடுவார்கள். "ஆனா இந்தச் சொல்லு பழகுறதெல்லாம் சாவு வீட்டோடதான்" என்றார். இரங்கலுக்கு "கொந்தோல்யான்ட்ஸே" என்பார்கள், அதன் முன்னால் வழக்கமாக வந்து நிற்பது இந்தச் சென்தீத்தேதான். அதுவும் கொ-வில் தொடங்கி நீளமாக ஓடும் சொல், பாராட்டும் கொ-வில் தொடங்கி நீளமாக ஓடும் சொல். வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு முதல் பாதியிலேயே மற்றது வந்துவிடும். "ஆழ்ந்த" என்ற தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதுவும் "இரங்கல்" என்ற சொல்லை இழுத்துக்கொண்டுதான் வருகிறது. தமிழில் "ஆழ்ந்த பாராட்டு" என்று யாரும் எழுதமாட்டார்கள். என் மொழியில் செய்யாத பிழையை இவர்கள் மொழியில் செய்திருக்கிறேன். சிஞ்ஞோரா அதை அடித்துவிட்டு, திருமணம், பிறப்பு இரண்டுக்கும் வைத்திருக்கும் மங்கலச் சொல்லைப் போட்டார்: "ஃபெலிச்சித்தாத்ஸியோனி". அதன் முன்னால் "விவே", அதாவது உயிர்ப்புள்ள.

இரண்டாம் வரியில் சின்னத் திருத்தம்தான். ஆனால் அங்கேதான் எனக்கு இந்த மொழியின் ஒரு கதவு திறந்தது. "உங்களுக்குப் பெண் பிறந்ததில் மகிழ்ச்சி" என்பதில் வினைச்சொல்லை நான் செய்தி சொல்லும் வடிவத்தில் வைத்திருந்தேன். மகிழ்ச்சி, பயம், ஆசை இவற்றின் பின்னால் வரும் வினை வேறு உருவம் எடுக்க வேண்டும். அதற்குக் "கொஞ்சுந்தீவோ" என்று பெயர். வகுப்பில் அதை மாதக்கணக்கில் நெட்டுருப் போட்டிருக்கிறேன், பேச்சில் எப்போதும் நழுவவிட்டிருக்கிறேன். மூன்றாம் வரி இதைவிட மோசம். "பெறுக, வாழ்க" என்று நினைத்துக்கொண்டு நான் எழுதியது "பெற்றிருக்கிறாள், வாழ்கிறாள்". பிறந்து பன்னிரண்டு மணி நேரமே ஆன குழந்தை நூறு வருடமாக வாழ்ந்துகொண்டிருந்தாள்.

சிஞ்ஞோரா காகிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினார்: "கே லா வீத்தா தி சொர்ரீதா." வாழ்க்கை உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். பிறப்பு அட்டைகளில் அடிக்கடி வரும் வாசகம். "சொர்ரீதே" என்றால் சிரிக்கிறது. கடைசி ஏ ஆ-வாக மாறி "சொர்ரீதா" ஆனால் சிரிக்கட்டும். "கிரேஷே" வளர்கிறாள், "கிரேஸ்கா" வளரட்டும். ஆ-வில் முடியும் வினைகள் இதற்கு நேர்மாறாக இ-க்குப் போகும். "கான்தா" பாடுகிறாள், "கான்தி" பாடட்டும். ஒரே ஒரு உயிரெழுத்து இடம் மாறினால் நடப்பது வாழ்த்தாகிவிடுகிறது.

அப்போதுதான் எனக்குப் பள்ளிக்கூட இலக்கணம் ஞாபகம் வந்தது. வியங்கோள்! வாழ்க, வளர்க, வெல்க. நமக்கு வாழ்த்துவதற்கென்றே தனி வினைமுற்று இருக்கிறது. நான் வாழ்க, நீ வாழ்க, அவள் வாழ்க, அவர்கள் வாழ்க, எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். மூன்று இடத்துக்கும் பொது என்று தமிழம்மா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததுதான். கொஞ்சுந்தீவோவும் ஒருமையில் அதே குணம் உடையது. நான், நீ, அவள் மூன்றுக்கும் "சொர்ரீதா"தான். அதனால்தான் இத்தாலியனில் வழக்கமாக விட்டுவிடும் "நீ" என்ற சொல்லை வாழ்த்தில் மட்டும் மெனக்கெட்டுப் போடுகிறார்கள்: "கே தூ போஸ்ஸா கிரேஷெரே சானா". நீ நலமாக வளர முடியட்டும். "தூ" இல்லாவிட்டால் யார் வளர்வது என்று வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு வருடமாக விதிவிலக்கு விதிவிலக்காக நான் திட்டிக்கொண்டிருந்த ஒன்று, என் வாய் ஏற்கெனவே அறிந்த வாழ்க-தான் என்று மூன்றாம் மாடியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து கண்டுபிடித்தேன். பாடப்புத்தகத்தில் அதைச் சந்தேகத்துக்கும் அனுமானத்துக்குமான வடிவம் என்றே ஆரம்பிப்பார்கள். வாழ்த்திலிருந்து ஆரம்பித்திருந்தால் தமிழர்களுக்கு ஒரு வாரத்தில் வந்திருக்கும்.

சரி, அவர் சிரித்தது எதற்கு என்று கேட்கவில்லையே. "நூறு ஆண்டு" என்பதற்குத்தான். ஆண்டு "ஆன்னோ". பன்மையில் "ஆன்னி". எழுதும் அவசரத்தில் ஒரு எழுத்தைக் குறைத்து "ஆனி" என்று எழுதிவிட்டேன். நமக்கு ஆனி ஒரு மாதம். இவர்களுக்கு அது உடம்பின் ஆசனவாய், அதுவும் பன்மையில். பிறந்த குழந்தைக்கு நான் வாழ்த்தில் கொடுத்தது நூறு ஆசனவாய்கள். பேசும்போது எனக்கு இந்தப் பிழை வராது, கனமும் கன்னமும் வேறு வேறு என்று கேட்டு வளர்ந்த காது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து பழகிய கைதான் துரோகம் செய்கிறது. கூட ஒரு எழுத்துப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று அது பழகிவிட்டது.

பிறகு "பதினாறு செல்வம்". "எந்தப் பதினாறு?" என்று கேட்டார். கல்வி, வலிமை, வெற்றி, நன்மக்கள், பொன், நெல், அறிவு, அழகு என்று சொல்லிக்கொண்டே போய் எட்டில் நின்றுவிட்டேன். பதினாறையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர் உங்களில் எத்தனை பேர்? சிஞ்ஞோரா விரல்விட்டு ஐந்தைச் சொன்னார்: ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள். இங்கே விசேஷ வீடுகளில் சர்க்கரை பூசிய பாதாம் பருப்பு கொடுப்பார்கள். திருமணத்துக்கு வெள்ளை, ஞானஸ்நானத்துக்கு ரோஸ் அல்லது நீலம். சின்னப் பையில் ஐந்து இருக்கும். நம் மொய்யைப் போல எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஐந்துக்கும் ஐந்து பேறு. ஆனால் பிறந்த குழந்தைக்கு எழுதும்போது இதில் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. ஒரு நாள் குழந்தைக்கு மக்கட்பேறை வாழ்த்துவது அசட்டுத்தனம், செல்வத்தைச் சொல்வது கொஞ்சம் அநாகரிகம். நிற்பது ஆரோக்கியமும் "செரெனித்தா"வும். இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தமிழில் நேராக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. மேகமில்லாத வானத்துக்குச் சொல்வதை மனசுக்கும் சொல்கிறார்கள். மகிழ்ச்சி வேண்டும் என்பதைவிட இதைத்தான் அதிகம் வாழ்த்துகிறார்கள். எனக்கும் இதுவே பிடித்திருக்கிறது.

பேச்சுவாக்கில் அவர் ஒரு பழைய வாழ்த்தையும் சொன்னார். கல்யாண வீட்டில் "ஔகூரி, எ ஃபீல்யி மாஸ்கி" என்பார்களாம். வாழ்த்துகள், ஆண் குழந்தைகளும் கிடைக்கட்டும் என்று பொருள். இப்போது அதைக் கிண்டலாக மட்டுமே சொல்கிறார்கள். "நான் பொறந்தப்ப எங்க பாட்டி மூணு நாள் எங்கம்மாகிட்ட பேசல" என்று சிஞ்ஞோரா சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபியைக் கலக்கினார். நான் எங்கள் ஊர்க் கதைகளைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வாழ்த்தை எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கே அட்டைக்கு முன்பே இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் பிரசவித்த பெண்ணுக்கு ஓவியம் தீட்டிய மரத்தட்டு ஒன்று தருவார்கள், "தெஸ்கோ தா பார்த்தோ" என்று பெயர். பத்தியமோ பழமோ வைத்து எடுத்துப்போகலாம், பிறகு சுவரில் மாட்டிக்கொள்ளலாம். லொரென்ஸோ தெ மெதிச்சி 1449இல் பிறந்தபோது செய்த தட்டு இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபிளாரன்ஸையே கையில் வைத்திருந்த அந்த மனிதர் கடைசிவரை அதைத் தன் அறையிலேயே வைத்திருந்தார். எனக்குப் பிடித்தது 1428இல் பார்த்தொலொமேயோ தி ஃப்ரூஓசீனோ தீட்டியது. முன்பக்கம் பிரசவ அறை. பின்பக்கம் ஒன்றும் உடுத்தாத ஒரு பையன் சிறுநீர் விடுகிறான். விளிம்பில் எழுத்து: பிள்ளை பெறும் ஒவ்வொரு பெண்ணையும் கடவுள் நலமாக்கட்டும். கூடவே அந்தப் பையன் பேசுவதாக, நான் பொன்னும் வெள்ளியும் மூத்திரமாகப் பெய்கிறேன் என்றும் இருக்கிறது. வாழ்த்தும் வம்பும் ஒரே தட்டில். முதல் சொல்லே "ஃபாச்சா", ஆக்கட்டும். அறுநூறு வருடத்துக்கு முந்தைய கொஞ்சுந்தீவோ. நம்முடைய ஆக்குக.

இதைப் படித்த தைரியத்தில்தான் நானும் அட்டையில் ஒரு சின்ன வம்பு சேர்க்கத் துணிந்தேன். தூக்கமில்லாத இரவை இங்கே "வெள்ளை இரவு" என்பார்கள். புதுப் பெற்றோருக்கு அதை வைத்துக் கேலி செய்வது வழக்கம். ரொம்பக் குறைந்த வெள்ளை இரவுகள் வாய்க்கட்டும் என்று ஒரு வரி. சிஞ்ஞோரா அதை மட்டும் தொடவில்லை.

கடைசி வரியில் பென்சில் நின்றது. "இதென்னம்மா, போப்பாண்டவருக்கா வாழ்த்து சொல்ற?" என்றார். "மாம்மாவுக்கும் பாப்பாவுக்கும்" என்று எழுதியிருந்தேன். அப்பாவுக்கு இத்தாலியனில் பாப்பா, கடைசி எழுத்தில் அழுத்தம், எழுதும்போது அந்தக் கடைசி எழுத்தின் தலைமேல் ஒரு சின்னச் சாய்கோடு. அந்தக் கோடு இல்லாவிட்டால் அழுத்தம் முதல் எழுத்துக்கு வந்துவிடும், பொருள் போப்பாண்டவர். நடுவில் இன்னொரு ப சேர்த்து அழுத்தினால் குழந்தைக்கு ஊட்டும் குழைந்த கஞ்சி. அப்பா, போப், கஞ்சி மூன்றும் என் வாயில் ஒரே பாப்பாவாகத்தான் வருகின்றன. காரணம் தமிழ்தான். இரண்டு உயிருக்கு நடுவே தனி ப வந்தால் நம் நாக்கு அதை மெலித்துவிடும், அழுத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் இரட்டித்துத்தான் ஆக வேண்டும். ன-வில் என்னைக் காப்பாற்றிய அதே காது ப-வில் கைவிடுகிறது. இதற்கெல்லாம் மேலே, தமிழில் பாப்பா என்றால் அந்தக் குழந்தையே என்று சொன்னேன். சிஞ்ஞோராவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப உங்க ஊர்ல பாப்பாவுக்குப் பாப்பா ஊட்டறது பாப்பாவா?" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திருத்தி எழுதிய அட்டை இதுதான். முதலில் அவர்கள் மொழியின் ஓசை, பிறகு நம் மொழியில்.

"பென்வெனூத்தா அல் மோந்தோ, பிக்கோலா சோஃபியா!
கே லா வீத்தா தி சொர்ரீதா,
எ கே தூ போஸ்ஸா கிரேஷெரே சானா எ செரேனா.
அல்லா மாம்மா எ அல் பாப்பா லே மீயே பியூ விவே ஃபெலிச்சித்தாத்ஸியோனி,
எ போக்கிஸ்ஸிமே நோத்தி இன் பியாங்கோ.
கோன் தான்தோ அஃபேத்தோ."

சின்ன சோஃபியா, உலகத்துக்கு வா. வாழ்க்கை உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். நோயில்லாமல், மனம் தெளிவாக நீ வளர்க. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் மனமார்ந்த மகிழ்ச்சி, வெள்ளை இரவுகள் மிக மிகக் குறைவாக அமைக. நிறைய அன்போடு.

உறையில் பெயர் எழுதும்போது இரண்டு குடும்பப் பெயர்களையும் எழுதினேன். இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அலுவல் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள். அழைப்புமணிப் பலகையில் இரண்டு பெயரும் பக்கம் பக்கமாக இருக்கும், பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவள் வீடு திரும்பி நாலைந்து நாள் கழித்து, போன் செய்து கேட்டுவிட்டுப் போனேன். வழியில் பூக்கடையில் தொட்டி தொட்டியாக மஞ்சள் சாமந்தி. கை தன்னால் நீண்டது. நம்மூரில் நல்ல காரியம் எதற்கும் சாமந்தி ஆகும். இங்கே அது நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ. கையை இழுத்துக்கொண்டு ஒற்றைப்படையில் ஏழு ரோஸ் பூ வாங்கினேன்.

தெருக்கதவில் ரோஸ் ஃபியோக்கோ மழையில் நனைந்து தொங்கியது. உள்ளே தோழியின் அம்மா இருந்தார், அவரும் தெற்கத்திக்காரர். தொட்டிலில் எட்டிப் பார்த்து, என்ன அழகு என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம், அந்த அம்மா பதறி "பெனெதீக்கா" என்றார். கடவுள் ஆசீர்வதிக்கட்டும். தெற்குப் பக்கங்களில் குழந்தையைப் புகழ்ந்தால் கூடவே இந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்பட்டுவிடும். நான் சொல்லத் தவறியதை எனக்காக அவர் சொன்னார். குழந்தையின் துணியில் ஊசியால் குத்தியிருந்த சின்னச் சிவப்புப் பவளம் கண்ணில் பட்டது. மிலான் பிரேரா ஓவியக்கூடத்தில் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா தீட்டிய பெரிய படத்தில், மரியாளின் மடியில் தூங்கும் குழந்தை ஏசுவின் கழுத்திலும் இதே சிவப்புப் பவளம் உண்டு. அவருக்கே கண்ணேறு பயம் இருந்தால் மற்றவர்கள் எந்த மூலை? எங்கள் ஊரில் கன்னத்தில் மைப்பொட்டு வைப்போம் என்றேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. எங்கே, கன்னத்திலா, நெற்றியிலா என்று விவரமாகக் கேட்டார். தோழி கண்ணாலேயே எனக்கு வேண்டாம் என்று சைகை செய்தாள்.

அட்டையை அவள் கணவர்தான் பிரித்தார். இடது கையில் குழந்தை, வலது கையில் அட்டை. உரக்க வாசித்தார். வெள்ளை இரவு வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சிரிக்கவும் தெம்பில்லை. பிறகு அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், நாலாவது வரியில் பெருவிரலை வைத்து, இதை யார் போட்டது என்று கேட்டார். சிவப்புப் பென்சிலில், என் மையைவிட இரண்டு மடங்கு தடித்து, ஒரு சாய்கோடு. நான் அட்டையை உறையிலிட்டு ஒட்டும் முன் சிஞ்ஞோரா ஒருமுறை பார்க்கிறேன் என்று வாங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் என் பங்குக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். ஆக அப்பாவின் தலைமேல் இப்போது இரண்டு கோடு.